எறும்பின் வாக்கு சர்க்கரைக்கா, உப்புக்கா?

எறும்புக்குப் பிடித்தது சர்க்கரையா, உப்பா? இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "இதற்கு ஒரு சோதனை வேறு வேண்டுமா? சர்க்கரை டப்பாவைத்தானே தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே வைக்கிறோம். உப்பு ஜாடியை யாராவது அப்படி வைத்தது உண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இச்சோதனை ஆண்டுதோறும் இடம்பெறத்தான் செய்கிறது. ஓர் அட்டையில் ஒரு கரண்டி சர்க்கரை, பக்கத்தில் ஒரு கரண்டி உப்பு. அரைமணி நேரத்தில் சர்க்கரையைச் சுற்றி எறும்புக் கூட்டம். உப்பின் அருகில் ஒன்றுமில்லை. "சர்க்கரையில் 84, உப்பில் 0, எனவே எறும்புகள் சர்க்கரையையே விரும்புகின்றன" என்று சார்ட்டில் எழுதி முடித்துவிடுவார்கள்.

முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனை அதனைக் காட்டவில்லை. அட்டையின் இடப்பக்கம் எறும்பு வளைக்கு அருகே இருந்திருக்கலாம். முதலில் வந்த ஓர் எறும்பு தற்செயலாகச் சர்க்கரைப் பக்கம் திரும்பியிருக்கலாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, எறும்பு கால் வைக்க முடியாத குழம்பாகியிருக்கலாம். இவற்றில் எது நடந்திருந்தாலும் இதே 84-க்கு 0 தான் கிடைத்திருக்கும். எது காரணம் என்று பிரித்தறிய வழி இல்லாதபோது, எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும் பயன் இல்லை.

இதனை நேர்மையாகச் செய்வது எப்படி என்று இக்கட்டுரையில் காண்போம். சோதனைக் களமாகப் பிள்ளைச்சாவடியை எடுத்துக் கொள்வோம். புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மீனவர் ஊர் இது. மணல் தரை, சவுக்கு மரங்கள், கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல். இவ்வூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எறும்புக்கும் உப்புக்கும் உள்ள உறவில் கடலுக்கும் பங்கு உண்டென்று இப்போது அறிந்திருக்கிறோம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் கேள்வியையே சற்று உரசிப் பார்ப்போம். சர்க்கரையும் உப்பும் போட்டியிட்டுச் சர்க்கரை வென்றது என்றால், எறும்புக்கு உப்பு வேண்டாம் என்று பொருளா? அன்று. பந்தியில் இலையில் பாயசமும் மோரும் இருக்க, நீங்கள் பாயசத்தை முதலில் எடுத்தால், உங்களுக்கு மோர் பிடிக்காது என்று யாரும் முடிவு கட்டமாட்டார்கள். சர்க்கரையும் உப்பும் மட்டும் உள்ள சோதனையில் உப்பு தோற்றால், எறும்பு உப்பை வெறுத்ததா, பொருட்படுத்தவில்லையா, அல்லது விரும்பியும் சர்க்கரையை இன்னும் அதிகமாக விரும்பியதா என்பது தெரியாது. இம்மூன்றையும் பிரித்துக் காட்ட மூன்றாவது ஒரு கிண்ணம் வேண்டும். அதில் வெறும் நீர் இருக்க வேண்டும். உப்புநீரில் எறும்புகள் வெறும் நீரைவிட அதிகமாகக் கூடினால் உப்பை நாடுகின்றன எனலாம். குறைவாகக் கூடினால் வெறுக்கின்றன எனலாம். ஏறத்தாழ ஒன்றாயிருந்தால் உப்பைப் பற்றி அவற்றுக்கு அக்கறை இல்லை எனலாம். இந்த வெறும் நீர்க் கிண்ணத்தையே கட்டுப்பாடு என்கிறோம். கண்காட்சிச் சோதனைகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான்.

இனி, தூளாக வைக்காமல் கரைசலாக வைக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சர்க்கரைப் பரலும் உப்புப் பரலும் அளவிலும் வடிவிலும் வேறு. கடையில் வாங்கும் கல்லுப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும்; அது காற்றிலுள்ள ஈரத்தை ஆவலுடன் உறிஞ்சும். கடற்கரை ஊர்களில் உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் நீரில் கரைத்து, அக்கரைசலைப் பஞ்சில் நனைத்து வைத்தால் கண்ணுக்கும் காலுக்கும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சுவையில் மட்டுமே நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எவ்வளவு கரைப்பது? இங்கே பலர் சறுக்குகிறார்கள். சர்க்கரையில் பத்து விழுக்காடு, உப்பிலும் பத்து விழுக்காடு என்று "சமமாக" எடுப்பது நேர்மைபோல் தோன்றும். ஆனால் கடல்நீரிலேயே உப்பு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடுதான். பத்து விழுக்காடு உப்புநீர் கடல்நீரைப்போல் மூன்று மடங்கு கரிக்கும். அதனை எறும்பு ஒதுக்கினால், உப்பை ஒதுக்கியதாகாது. கொடிய கரிப்பை ஒதுக்கியதாகும். நாமும் அப்படித்தான்: உப்பில்லாத குழம்பையும் தள்ளுவோம், உப்பு மிகுந்த குழம்பையும் தள்ளுவோம். எனவே மெல்லிய கரைசலில் தொடங்குவதே முறை. இரண்டிலும் ஒரு விழுக்காடு எடுத்துக் கொள்வோம்.

ஒரு விழுக்காடு என்றால் 100 மில்லிலிட்டர் கரைசலில் 1 கிராம். பள்ளித் தராசில் 1 கிராமை நிறுத்தால் பிழை பெரிதாக வந்துவிடும். தராசு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தவறினால், 1 கிராமுக்கு அது பத்து விழுக்காடு பிழை. 10 கிராமுக்கு ஒரு விழுக்காடுதான். ஆதலால் 10 கிராம் நிறுத்து, சிறிது நீரில் கரைத்து, பின் நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். மிஞ்சும் கரைசல் வீணாகுமே என்று கவலைப்பட வேண்டாம். பத்து கிராம் உப்பின் விலை என்ன பெரிய விலை! ஒன்று நினைவிருக்கட்டும்: சர்க்கரை மூலக்கூறு கனமானது. ஒரு கிராம் உப்பில் உள்ள அலகுகளின் எண்ணிக்கை, ஒரு கிராம் சர்க்கரையில் உள்ள மூலக்கூறுகளைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. எடையில் சமமானது எண்ணிக்கையில் சமமாவதில்லை. ஆகவே இரு பொருள்களுக்கிடையே முற்றிலும் சமமான செறிவு என்று ஒன்று கிடையாது; நீங்கள் எடுத்த செறிவைச் சொல்லி, அச்செறிவுக்கு மட்டும் முடிவைச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை வெள்ளைச் சீனியாக இருக்கட்டும். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் மணமும் வேறு உப்புகளும் உண்டு. கரைக்கும் நீர்தான் இவ்வூரில் பெரிய சிக்கல். கடலோரக் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்பு கலந்திருக்கக் கூடும். அதனை "வெறும் நீர்" என்று வைத்தால், உப்புக்கு எதிராக உப்பையே நிறுத்தியதாக முடியும். மோட்டார் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் வாலைவடிநீரை மூன்று கிண்ணங்களுக்கும் பயன்படுத்துங்கள். மற்றொன்று, உங்கள் கை. வியர்வையிலும் உப்பு உண்டு. உச்சி வெயிலில் விளையாடிவிட்டு வந்த கையால் பஞ்சை உருட்டினால் வெறும் நீர்ப் பஞ்சிலும் உப்பு ஏறிவிடும். பஞ்சை இடுக்கியால் எடுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சு மூன்று வாங்கி, ஒவ்வொரு கரைசலுக்கும் தனித்தனியாக வைத்துக் கொள்ளுங்கள்.

இனி எறும்புக்கு வருவோம். இச்சோதனையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

சர்க்கரைப் பஞ்சில் 84 எறும்புகள் என்றால், 84 எறும்புகள் தனித்தனியே யோசித்து வாக்களித்தன என்றா பொருள்? இல்லை. உணவைக் கண்ட எறும்பு வளைக்குத் திரும்பும்போது தரையில் ஒரு மணப்பொருளைத் தொட்டுத் தொட்டுச் செல்கிறது. மற்ற எறும்புகள் அந்த மணத்தைப் பின்பற்றி வருகின்றன. உணவு நன்றாயிருந்தால் அவையும் திரும்பும் வழியில் அம்மணத்தைக் கூட்டுகின்றன. மணம் கூடக் கூட எறும்புகள் கூடுகின்றன. எறும்புகள் கூடக் கூட மணம் கூடுகிறது. இதனால் தொடக்கத்தில் ஏற்பட்ட மிகச் சிறிய, தற்செயலான வேறுபாடுகூடப் பெருகி மலைபோல் ஆகிவிடும்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான் லூயி டெனோபூரும் அவருடைய குழுவினரும் இதனை அழகாகக் காட்டினார்கள். 1990-இல் வெளியான அவர்களது ஆய்வில், அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் அவை உலவும் களத்துக்கும் இடையே ஒரு பாலம் அமைத்தார்கள். பாலம் நடுவே இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். இரு கிளைகளும் நீளத்தில் முற்றிலும் சமம். எறும்புகள் பாதிப் பாதியாகப் பிரிந்து செல்லும் என்றுதானே எதிர்பார்ப்போம்? தொடக்கத்தில் அப்படித்தான் சென்றன. சற்று நேரத்தில் பெரும்பாலானவை ஒரே கிளையில் செல்லத் தொடங்கிவிட்டன. மீண்டும் செய்தால் சில முறை வலக்கிளை, சில முறை இடக்கிளை. கிளைகளில் எந்த வேறுபாடும் இல்லை. முந்திக் கொண்டது வென்றது, அவ்வளவே.

இது நம் சோதனைக்குச் சொல்லும் செய்தி கடுமையானது. ஒரு வளையிலிருந்து வரும் எறும்புகள் எத்தனையானாலும் அவை சேர்ந்து ஒரே ஒரு வாக்குத்தான். ஒரு தெருவில் ஒருவர் சொன்னதை நூறு பேர் திருப்பிச் சொன்னால் நூறு சாட்சிகள் ஆகிவிடாதல்லவா? 84 எறும்புகளைப் பார்த்தவர் உண்மையில் ஒரு வளையைத்தான் பார்த்திருக்கிறார். ஆகவே நாம் எண்ண வேண்டியது எறும்புகளை அல்ல, வளைகளை. அதே வளையில் மறுநாளும் செய்தால் அதுவும் இரண்டாவது வாக்காகாது. நேற்று உண்டது நினைவிலும் வயிற்றிலும் இருக்கும். ஒரு வளைக்கு ஒரு முறை, வளைகள் பன்னிரண்டு. இதுவே நம் திட்டம்.

பன்னிரண்டு என்ற எண் ஏன்? மூன்று கிண்ணங்களை இடம், நடு, வலம் என்று அடுக்க ஆறு வழிகள் உண்டு. பன்னிரண்டு வளைகள் இருந்தால் ஒவ்வோர் அடுக்கும் சரியாக இரண்டு முறை வரும். வளைக்கு இடப்புறம் நிழலோ, பழைய எறும்புத் தடமோ இருந்தாலும் அதன் பயன் மூன்று கரைசல்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிடும். எந்த வளைக்கு எந்த அடுக்கு என்பதை உங்கள் விருப்பப்படி தீர்மானிக்காதீர்கள். பன்னிரண்டு சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுங்கள். மனிதர் "எப்படியாவது ஒன்று" என்று எடுப்பது ஒருநாளும் குலுக்கல் ஆகாது. நம்மை அறியாமலே சர்க்கரையை வளைக்கு அருகே வைக்கக் கை போகும்.

வளைகள் ஒரே வகை எறும்பினுடையவாக இருக்க வேண்டும். கடிக்காத சிறு கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்று நாம் சொல்வது, இதற்கு ஏற்றது. பஞ்சருகே குனிந்து எண்ணுபவர்களுக்கு நிம்மதி. மரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறை நெருங்க வேண்டாம். வளைகளுக்கிடையே பத்து மீட்டராவது இடைவெளி விடுங்கள். இரண்டு வாயில்கள் ஒரே கூட்டத்தினுடையவாக இருந்துவிடக் கூடும் என்பதால் இந்த இடைவெளி. இது முழுக் காப்பன்று. இரண்டு வாயில்களுக்கிடையே எறும்புகள் வரிசையாகச் சென்று வருவது தெரிந்தால் அவற்றில் ஒன்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

சோதனைக்கு முன்னே ஒரு வெற்றுச் சோதனை. திருகு அளவியைக் கையில் எடுத்தால் முதலில் என்ன செய்கிறோம்? இடையில் ஒன்றும் வைக்காமல் திருகிச் சுழிப்பிழை பார்க்கிறோம். எறும்புச் சோதனைக்கும் சுழிப்பிழை உண்டு. பட்டியலில் இல்லாத இரண்டு மூன்று வளைகளில், மூன்று மூடிகளிலும் ஒரே சர்க்கரைக் கரைசலை வைத்துப் பாருங்கள். ஒன்றில் 31, இன்னொன்றில் 4, மற்றதில் 9 என்று வந்தாலும் வியப்படைய வேண்டாம். மூன்றும் ஒன்றாயிருக்கும்போதே இவ்வளவு வேறுபாடு வரும் என்பதைக் கண்ணால் கண்டவர், பின்னர் ஒரு வளையில் கிடைக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கமாட்டார். என்னைக் கேட்டால், முழுச் சோதனைக்கு நேரமில்லாத வகுப்பு இந்த வெற்றுச் சோதனையை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன். எறும்பைப் பற்றி அதில் தெரிந்து கொள்ளும் அளவுக்குக் கண்காட்சி அட்டையில் தெரியாது.

செய்முறை இது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாசி மாதங்களில், காலை ஏழு மணியளவில் தொடங்குங்கள். வெயில் ஏறி மணல் சுட்டால் எறும்புகள் வளைக்குள் போய்விடும். ஒரே அளவுள்ள மூன்று பிளாஸ்டிக் மூடிகளைக் கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரே அளவு பஞ்சைத் தட்டையாக வைத்து, 2 மில்லிலிட்டர் கரைசல் விடுங்கள். வளை வாயிலிலிருந்து 30 சென்டிமீட்டர் நூலைப் பிடித்து ஒரு வில் வரைந்து, அந்த வில்லின் மேல் மூடிகளை ஒன்றுக்கொன்று 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். மூன்றும் வாயிலிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க இதுவே எளிய வழி. மூடியின் விளிம்பு வரை மணலை அணைத்துவிட்டால் எறும்பு ஏறத் தடையிராது.

எண்ணுபவருக்கு எந்த மூடியில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. ஆசிரியரோ வேறொரு மாணவரோ கரைசல்களைக் கலக்கி, பாட்டில்களில் அ, ஆ, இ என்று மட்டும் எழுதி, விடையை ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடட்டும். மூன்றும் நிறமற்றவை என்பதால் மறைப்பது எளிது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக் கொள்ள வேண்டும்! இந்த மறைப்பு வீண் சடங்கன்று. பஞ்சின் ஓரத்தில் நிற்கும் எறும்பைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஐயம் ஒவ்வொரு முறையும் எழும். எதிர்பார்க்கும் விடை மனத்தில் இருந்தால், சர்க்கரையருகே நிற்பதைச் சேர்த்தும் உப்பருகே நிற்பதை விட்டும் எண்ணுவோம். அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் தேவையில்லை.

ஐயத்தைக் குறைக்க விதியை முன்பே எழுதிவிடுங்கள்: தலை பஞ்சைத் தொட்டிருக்கும் எறும்பு மட்டுமே கணக்கு. மூடியின் மேல் சுற்றுவது கணக்கில் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அரைமணி வரை எண்ணுங்கள். கைபேசியில் நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டால் நிதானமாகப் பின்னர் எண்ணலாம், இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடலாம். தீர்ப்புக்கு 15-ஆம் நிமிட எண்ணையே எடுப்போம் என்றும் முன்பே எழுதி வையுங்கள். மற்ற எண்கள் எறும்புச் சாரி எப்படி வளர்ந்தது என்று காட்டும். ஆறு எண்களையும் பார்த்த பின் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது தேர்தல் முடிந்த பின் வாக்குப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது போலாகும்.

எங்கே கெடும், கெட்டதை எப்படி அறிவது? கடற்காற்றில் பஞ்சு உலரும். நீரில் பாதி ஆவியானால் ஒரு விழுக்காட்டுக் கரைசல் இரண்டு விழுக்காடாகிவிடும். இதனைக் கண்டறியப் பாட்டியின் உபாயமே கைகொடுக்கும். இன்னொரு நனைத்த பஞ்சை, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே எறும்பு அணுகாதவாறு வைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். அரைமணியில் எடை மிகக் குறைந்தால் அன்று காற்று அதிகம். வேறொரு நாள் பார்த்துக் கொள்ளுங்கள். மூன்று மூடிகளுக்கும் சேர்த்து ஓர் எறும்பும் வராத வளையை "விடையில்லை" என்று எழுதி வேறு வளைக்குப் போகலாம். ஆனால் உப்பில் அதிகம் வந்துவிட்டது என்பதற்காக ஒரு வளையை நீக்கக் கூடாது. நீக்கும் காரணம், உறையைப் பிரிக்குமுன் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. விளக்கத்துக்காக நானே புனைந்த எண்களை வைத்துச் செய்து காட்டுகிறேன். யாரும் இவற்றைப் பிள்ளைச்சாவடியில் எண்ணியதாகக் கொள்ள வேண்டாம். பன்னிரண்டு வளைகளில் உப்புப் பஞ்சுகளில் இருந்தவை மொத்தம் 96 எறும்புகள், வெறும் நீர்ப் பஞ்சுகளில் 41 என்று வைத்துக் கொள்வோம். அடடா, உப்பு இரு மடங்குக்கு மேல் வென்றுவிட்டதே! ஆனால் பட்டியலைப் பாருங்கள். ஏழாம் வளையில் மட்டும் உப்பில் 63, நீரில் 2. அங்கே ஒரு சாரி தற்செயலாக உப்பு மூடியின் வழியே போயிருக்கலாம். மற்ற பதினொரு வளைகளில் உப்புக்கு 33, நீருக்கு 39. இப்போது வளைகளை எண்ணுங்கள்: உப்பு முந்தியவை ஏழாம் வளை உட்பட 5, நீர் முந்தியவை 6, சமமாக நின்றது 1. ஐந்துக்கு ஆறு! நாணயத்தைப் பதினொரு முறை சுண்டினாலும் இப்படித்தான் விழும். மொத்தத்தைக் கூட்டியவருக்கு உப்பு பெருவெற்றி. வளைகளை எண்ணியவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாமவர் சொல்வதே சரி.

அதே பட்டியலில் சர்க்கரை 11 வளைகளில் நீரை முந்தியது, ஒன்றில் பிந்தியது என்று கொள்வோம். இது தற்செயலாக நேருமா? எறும்புக்கு வேறுபாடே தெரியாது என்றால் ஒவ்வொரு வளையும் ஒரு நாணயச் சுண்டல். பன்னிரண்டு சுண்டல்களுக்கு 4096 விளைவுகள் உண்டு. பன்னிரண்டும் தலையாக விழ ஒரே வழி. சரியாகப் பதினொன்று தலையாக விழ 12 வழிகள். ஆக 13 வழிகள். 4096-இல் 13 என்பது ஏறத்தாழ 315-இல் ஒன்று. இவ்வளவு அரிய தற்செயலை நம்புவதைவிட, எறும்புகள் சர்க்கரையை உணர்ந்து நாடின என்பதை நம்புவது எளிது. பத்து வளைகள் என்றாலும் ஏற்கலாம். பத்தோ அதற்கு மேலோ ஒரு பக்கம் விழ 79 வழிகள்தான், அதாவது நூற்றில் இரண்டு. ஒன்பது என்றால் 299 வழிகள், நூற்றில் ஏழு. அதை நம்பி அடித்துச் சொல்ல முடியாது. "பன்னிரண்டில் பத்து" என்ற எல்லையையும் சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். உப்பு வெறும் நீரைவிட மிகக் குறைவாக, எல்லையைத் தாண்டித் தோற்றால், ஒரு விழுக்காடே அதற்கு அதிகம் என்று ஐயுறலாம். 100 மில்லிலிட்டர் உப்புக் கரைசலில் 900 மில்லிலிட்டர் வாலைவடிநீர் சேர்த்துப் பத்தில் ஒன்றாக்கி, புதிய பன்னிரண்டு வளைகளில் மீண்டும் பாருங்கள்.

இப்போது கடலைப் பற்றி. தாவரங்களில் பொதுவாகச் சோடியம் மிகக் குறைவு. அவற்றுக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் நரம்பும் தசையும் கொண்ட விலங்குகளுக்குச் சோடியம் இன்றி இயக்கமில்லை. தழை தின்னும் மாட்டுக்குக் கழுநீரில் ஒரு கை உப்புப் போடுவது இதனால்தான். இலைச்சாற்றையும் தேனையும் நம்பி வாழும் எறும்புக்கும் இதே குறை. இறைச்சி தின்னும் எறும்புக்குக் குறை இல்லை. இரையின் உடலிலேயே உப்பு இருக்கிறது. கடலோரத்திலோ அலை நுரையிலிருந்து கிளம்பும் உப்புத் துளிகள் காற்றிலும் மழையிலும் வந்து எங்கும் படிகின்றன. பிள்ளைச்சாவடி வீடுகளின் சன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். உள்நாட்டுக்குப் போகப் போக இந்த உப்பு குறைந்துவிடும்.

மைக்கேல் காஸ்பரி, ஸ்டீபன் யானோவியாக், ராபர்ட் டட்லி என்ற மூவர் இதனை எறும்புகளிடமே கேட்டார்கள். புளோரிடாவிலிருந்து அமேசான் காட்டின் உள்பகுதி வரை, கடலிலிருந்து 4 கிலோமீட்டர் முதல் 2757 கிலோமீட்டர் வரை உள்ள இடங்களில் சர்க்கரைக் கரைசல்களையும் உப்புக் கரைசல்களையும் வைத்துப் பார்த்தார்கள். 2008-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவு வெளிவந்தது. கடலிலிருந்து விலக விலக எறும்புகள் உப்பை நாடுவது கூடியது. 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள எறும்புகள், பத்து மடங்கு செறிந்த சர்க்கரைக் கரைசலை விட்டுவிட்டு 0.1 விழுக்காட்டு உப்புநீரையே விரும்பின! தாவர உணவும் கலப்பு உணவும் கொள்ளும் எறும்புகளிடம் இந்த நாட்டம் மிகுதி. ஊன் உண்ணிகளிடம் குறைவு.

ஆகவே "எறும்புக்குச் சர்க்கரைதான் பிடிக்கும்" என்ற பாட்டியின் தீர்ப்பு, அவர் சமையலறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சமையலறை எறும்புக்கு நம் எச்சில் பாத்திரங்களிலேயே உப்பு கிடைத்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பிள்ளைச்சாவடியில் உப்பும் நீரும் சமமாக நின்றால், அது எறும்பின் இயல்பைக் காட்டுவதா, கடலின் அருகாமையைக் காட்டுவதா என்று அவ்வூரில் மட்டும் நின்று சொல்ல முடியாது. கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சேலத்தில் ஒரு பள்ளி இதே சோதனையை, இதே எறும்பு வகையில், இதே நாள்களில் செய்தால் ஒப்பிடலாம்.

ஒப்பிடலாம், ஆனால் அங்கேயும் பழைய கணக்கை மறக்கக் கூடாது. பிள்ளைச்சாவடியில் பன்னிரண்டு வளைகள், சேலத்தில் பன்னிரண்டு வளைகள் என்றாலும், "கடலோரம், உள்நாடு" என்ற கேள்விக்கு அவை ஒரு வாக்கும் ஒரு வாக்கும்தான். இரண்டு ஊர்களுக்கும் கடலைத் தவிர மண், மழை, மரம் என்று எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று கரையோரத்தில் ஆறு பள்ளிகளும், தருமபுரி, நாமக்கல், ஈரோடு, கரூர் என்று உள்ளே ஆறு பள்ளிகளும் சேர்ந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு வாக்குகள் கிடைக்கும். அப்படிச் சேர்பவர்கள் சர்க்கரையையும் உப்பையும் ஓரிடத்தில் நிறுத்துப் பொட்டலமாக அஞ்சலில் அனுப்பி, விடை உறைகளையும் அங்கேயே பூட்டி வைத்துக் கொள்வது நல்லது. வாலைவடிநீரை அந்தந்த ஊரில் வாங்கிக் கொள்ளலாம்.